தமிழ்ப் பேச்சுவழக்கில் பாராட்டுச் சொற்கள்

தமிழ்ப் பேச்சில் 'மிக நன்று' என்பதைச் சொல்லத் தலைமுறைக்குத் தலைமுறை புதுச் சொற்கள் வந்துகொண்டிருக்கின்றன. தாத்தா 'பேஷ்' என்பார், அப்பா 'சூப்பர்' என்பார், பேரன் 'வெறித்தனம்' என்பான். இவற்றில் பல, பாராட்டாகப் பிறந்தவை அல்ல. சில வசவாகத் தொடங்கிப் பாராட்டாயின. சில பாராட்டாக இருந்து வசவாயின. ஒன்றிரண்டு போய்த் திரும்பியும் வந்துள்ளன.

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் குழூஉக்குறிக்குப் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். கல்லூரி மாணவரிடையே புழங்கும் பாராட்டுச் சொல்லும் தொடக்கத்தில் ஒரு குழூஉக்குறிதான். தொழிற்குழுவின் சொல் வெளியாருக்குப் புரியாமல் நெடுநாள் தாங்கும். பாராட்டுச் சொல் அப்படித் தாங்குவதில்லை. அதைப் பெற்றோரும் ஆசிரியரும் விளம்பரக்காரரும் சொல்லத் தொடங்கியதும் இளைஞர்கள் கைவிட்டு வேறொன்றைத் தேடுகிறார்கள்.

சொல்லின் பொருள் உயர்வதை மொழியியலார் உயர்பொருட்பேறு என்றும், தாழ்வதை இழிபொருட்பேறு என்றும் கூறுவர். திருக்குறளில் மொட்டுக்குள் அடங்கிய நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்த வைக்கும் சொல்லாகிவிட்டது. அதே நூலில் கள்ளுண்டு மயங்குவதைக் குறிக்கும் இடமும் உடைய 'களித்தல்' இன்று மகிழ்ச்சியை மட்டுமே குறிக்கிறது. அந்த மாற்றங்கள் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தவை. பேச்சுவழக்குப் பாராட்டுச் சொற்களில் அதே மாற்றம் இருபது முப்பது ஆண்டுகளில் நடந்து முடிவதால், ஒரே வீட்டிலுள்ள மூன்று தலைமுறையைக் கேட்டாலே அதைக் காணமுடிகிறது.

படப்பெயர்களைக் கொண்டு காலம் அறிதல்

பேச்சுச் சொல்லுக்குக் கல்வெட்டு கிடையாது. அகராதிகளும் அதைத் தாமதமாகவே பதிவு செய்கின்றன. தமிழில் இதற்குக் கைகொடுப்பவை திரைப்படப் பெயர்கள். சுவரொட்டியைப் பார்த்தவுடன் எல்லாருக்கும் புரியவேண்டும், கொஞ்சம் புதுமையாகவும் இருக்கவேண்டும் என்பதால், உச்சத்தில் இருக்கும் பேச்சுச் சொல்லே பெயராக வைக்கப்படுகிறது.

'சபாஷ் மீனா' 1958-லும், 'சபாஷ் மாப்பிளே' 1961-லும், 'பலே பாண்டியா' 1962-லும், 'சபாஷ் தம்பி' 1967-லும் வெளிவந்தன. 'தூள்' 2003, 'கில்லி' 2004, 'கெத்து', 'தெறி' இரண்டும் 2016. இந்த வரிசையே ஏறக்குறைய ஒரு சொல் வரலாறு. ஆனால் இதை அப்படியே நம்பிவிடக்கூடாது. தெருவில் சொல் பிறந்து சில ஆண்டுகள் கழித்தே அது சுவரொட்டிக்கு ஏறுகிறது. படத்தின் ஆண்டு, சொல் பிறந்த ஆண்டைக் காட்டாது. அது எல்லாருக்கும் தெரிந்துவிட்ட ஆண்டையே காட்டும். பழைய வாசனைக்காகவே பழஞ்சொல்லை எடுப்பதும் உண்டு. 2010-இல் மீண்டும் ஒரு 'பலே பாண்டியா' வந்தபோது, இளைஞர்கள் 'பலே' என்று பேசிக்கொண்டிருக்கவில்லை.

சபையிலிருந்து வந்தவை

பழைய தலைமுறையின் பாராட்டுச் சொற்களில் பெரும்பகுதி பாரசீகம், உருது, மராத்தி, இந்தி வழியாக வந்தவை. 'சபாஷ்' என்பது பாரசீகத்தில் 'மகிழ்ந்திரு' என்று வாழ்த்தும் தொடரிலிருந்து வந்தது. 'ஜோர்' என்பதற்கு வலிமை என்றும், 'பேஷ்' என்பதற்கு மிகுதி என்றும் மூலமொழியில் பொருள். கச்சேரியிலும் நாட்டிய அரங்கிலும், மேலே அமர்ந்திருப்பவர் கீழே திறமை காட்டுபவரை நோக்கிச் சொல்லும் சொற்கள் இவை. ஆகவே சொல்பவர் ஒருபடி மேலே இருக்கிறார் என்ற தொனி இவற்றில் ஒட்டியே வந்தது. மகன் தந்தையைப் பார்த்துச் 'சபாஷ்' என்றால் இன்றும் காதுக்கு உறுத்தும்.

அந்த மேட்டிமைத் தொனியே பிறகு கிண்டலுக்கு வழிவிட்டது. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடும்போது பி. எஸ். வீரப்பா சொல்லும் சபாஷ், கதைக்குள் உண்மையான பாராட்டு. இன்று இருவர் வீண் சண்டை போடும்போது வேடிக்கை பார்ப்பவர் அதே தொனியில் அதைத் திருப்பிச் சொன்னால், இருவரையும் மட்டம் தட்டுகிறார் என்று பொருள்.

'பலே' கொஞ்சம் வேறு வழியில் போனது. தனியே நிற்கும் 'பலே!' பாராட்டு. 'பலே ஆசாமி' என்றால் திறமைசாலி என்பதோடு 'இவனிடம் கவனமாக இருக்கவேண்டும்' என்ற எச்சரிக்கையும் சேர்கிறது. 'கில்லாடி' என்ற சொல்லிலும் இந்த இரட்டைத்தன்மை உண்டு. இந்தியில் விளையாட்டு வீரரைக் குறிக்கும் சொல் அது. தமிழுக்கு வந்தபோது ஏமாற்றத் தெரிந்தவன் என்ற நிழலையும் சேர்த்துக்கொண்டது. திறமையும் தந்திரமும் பேச்சில் அருகருகே வாழ்பவை. ஒன்றைக் குறிக்கும் சொல் மற்றொன்றின் பக்கம் சாய்வதற்கு அதிக காலம் ஆவதில்லை.

போய்த் திரும்பிய சொல்லுக்கு 'ஷோக்கு' நல்ல சான்று. அரபியில் ஏக்கம், விருப்பம் என்று பொருள்படும் சொல் உருது வழியாக இங்கு வந்து, நாகரிகமான உடை அலங்காரத்தைக் குறித்தது. அங்கிருந்து 'ஷோக்குப் பேர்வழி' பிறந்தது. உடுப்பதிலும் ஊர் சுற்றுவதிலும் பொழுதைக் கழிப்பவன், வீட்டுக்கு உதவாதவன் என்ற பழிச்சொல் அது. ஆனால் சென்னைப் பேச்சில் 'சோக்கா சொன்னே' என்பதும், இலங்கைத் தமிழில் 'சோக்கான ஆள்' என்பதும் எந்தக் கறையும் இல்லாத பாராட்டுகள். பெயர்ச்சொல்லாக மனிதன்மேல் ஒட்டியபோது தாழ்ந்த சொல், செயலுக்கு அடையாக வந்தபோது தப்பித்துக்கொண்டது.

அச்சமும் அடிதடியும் பாராட்டானது

தூள், கலக்கல், கிழி, தெறி, பட்டையைக் கிளப்பு, மரண, பயங்கரம், வெறித்தனம், தாறுமாறு. பிற்காலத்துப் பாராட்டுகளை இப்படி வரிசையாக வைத்தால் ஏதோ கலவரச் செய்தி போலிருக்கும். இது வன்முறை மோகத்தால் வந்தது என்று பலர் கடிந்துகொள்வதுண்டு. அதைவிட எளிய காரணம் ஒன்று இருக்கிறது.

'பயங்கரம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அது அச்சம் தருவது என்ற பொருளில் மட்டும் நின்றது. பிறகு 'பயங்கர மழை', 'பயங்கர கூட்டம்' என்று அளவைக் குறிக்கும் அடையாயிற்று. மழையும் கூட்டமும் உண்மையிலேயே அச்சம் தரக்கூடியவை என்பதால் இந்த நகர்வு யாருக்கும் தெரியவில்லை. அளவுச் சொல்லாக நிலைத்த பிறகு 'பயங்கர சந்தோஷம்', 'பயங்கர அழகு' என்பவை தடையின்றி வந்தன. அச்சம் கழன்றுவிட்டது, மிகுதி மட்டும் எஞ்சியது. கடைசிப் படியில் அடை மட்டும் தனியே நிற்கிறது: 'படம் எப்படி?' 'பயங்கரம்!'

'செம' என்பதும் இதே படியில் ஏறியது. 'செம அடி' என்றால் துன்பம், 'செம சாப்பாடு' என்றால் இன்பம். நன்மை தீமையை அடுத்து வரும் சொல்லே முடிவு செய்கிறது. ஆனால் பெயர்ச்சொல் எதுவும் இல்லாமல் 'செம!' என்று மட்டும் சொன்னால், அது எப்போதும் பாராட்டுத்தான். அளவுச் சொல் துணையின்றி நிற்கும்போது நல்ல பக்கமே சாய்கிறது. 'பயங்கரம்' மட்டும் இன்னும் முழுதாகச் சாயவில்லை. செய்தித்தாள் தலைப்பில் அதைக் கண்டால் யாரும் மகிழ்வதில்லை.

'கலக்குதல்' சற்றுத் தனி வகை. கலங்கிய நீர் குடிக்க ஆகாது, மனம் கலங்குவது வருத்தம், வயிறு கலக்குவது தொல்லை. அப்படியிருக்க 'கலக்கிட்டே!' எப்படிப் பாராட்டாயிற்று? அமைதியாகக் கிடந்த அரங்கை ஒருவன் அசைத்துவிட்டான் என்ற காட்சி அதற்குள் இருக்கிறது. எது கலங்கியது என்பதைச் சொல்லாமல் விட்டதே அதன் வெற்றி. 'வயிற்றைக் கலக்கிட்டே' என்று செயப்படுபொருளைச் சேர்த்தால் பாராட்டு அந்த இடத்திலேயே மறைந்துவிடுகிறது.

கெத்து: ஒரு சொல்லின் ஏற்றம்

வசவு பாராட்டாவதைப் படிப்படியாகக் காண 'கெத்து' ஏற்ற சொல். தொடக்கத்தில் இது பெரும்பாலும் 'காட்டு' என்ற வினையோடு வந்தது. 'ரொம்ப கெத்து காட்டாதே' என்பார்கள் பெரியவர்கள். காட்டப்படுவது உள்ளே இல்லாத ஒன்று என்பது அந்த வினையிலேயே அடங்கியிருக்கிறது. படம் காட்டுதல், பவுசு காட்டுதல் என்பவற்றின் வரிசையில் வெற்றுப் பெருமைக்கு இதுவும் ஒரு பெயர்.

அடுத்த படியில் 'காட்டு' உதிர்ந்து, 'ஆக' என்ற ஈறு வந்தது: 'கெத்தா நிக்கிறான்'. இங்கே நடிப்பு இல்லை, நிற்கும் விதமே அப்படி. இளைஞர்கள் இச்சொல்லைப் பெரியவர்களிடமிருந்து பறித்துக்கொண்டது இந்த இடத்தில்தான். எதற்காகத் திட்டப்பட்டார்களோ, அதையே தங்கள் அடையாளமாக அணிந்துகொண்டார்கள். மூன்றாம் படியில் வினையும் ஈறும் இன்றி 'கெத்து!' என்று தனித்து வந்து, வயதான ஒருவரைக்கூடப் போற்றும் சொல்லாயிற்று. எண்பது வயதிலும் தனியே பேருந்தேறிப் போகும் பாட்டியை 'பாட்டி கெத்து' என்றால் அதில் மரியாதை இருக்கிறது.

பழைய பொருள் இறந்துவிடவில்லை. வகுப்பில் எழுந்து நிற்காத மாணவனைப் பார்த்து ஆசிரியர் 'என்ன, கெத்தா?' என்று கேட்டால், அது முதற்படியின் பொருள். அந்த மாணவனின் நண்பன் இடைவேளையில் அதே சொல்லைச் சொன்னால் மூன்றாம் படியின் பொருள். இரண்டும் ஒரே நாளில் ஒரே அறையில் வாழ்கின்றன.

'போக்கிரி', 'பொல்லாதவன்' ஆகியவை கதாநாயகனைக் குறிக்கும் படப்பெயர்கள் ஆனதும் இதே போக்கில்தான். 'கேடி' என்பதன் கதை இன்னும் விந்தையானது. வழக்கமான குற்றவாளிகளைக் காவல்துறை குறித்துவைக்கும் ஆங்கிலத் தொடரின் இரண்டு முதலெழுத்துகளே அச்சொல். இன்று குறும்பு செய்யும் மூன்று வயதுப் பேரனைக் கொஞ்சும் பாட்டி 'சரியான கேடி' என்கிறாள்.

மாஸ், மாசு

'மாஸ்' வந்த வழி திரைப்பட வணிகம். வணிகத்தில் 'கிளாஸ்' என்றால் நகரத்து, படித்த, அமைதியான பார்வையாளருக்கான படம். 'மாஸ்' என்றால் விசிலும் கைத்தட்டலுமாகக் கொட்டகை அதிரும் பெருங்கூட்டத்துக்கான படம். அந்தப் பிரிவினையில் 'மாஸ்' கொஞ்சம் கீழே வைக்கப்பட்ட சொல். விமரிசகர் ஒரு படத்தை வெறும் மாஸ் படம் என்றால் அது புகழ்ச்சியாகாது. ஆனால் அந்தக் கூட்டமே அச்சொல்லைக் கையில் எடுத்தது. நாயகன் நுழையும் காட்சி மாஸ், அவன் நடை மாஸ், பிறகு நண்பனின் புதுச் சட்டையும் மாஸ். கூட்டத்தைக் குறித்த சொல், கூட்டத்திலிருந்து தனித்துத் தெரிபவனைக் குறிப்பதாயிற்று. ஏறக்குறைய எதிர்ப்பொருள்!

இச்சொல்லுக்கு 2015-இல் ஒரு சோதனை வந்தது. தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2006-இல் கொண்டுவந்திருந்தது. சூர்யா நடித்த 'மாஸ்' படம் வெளியாகும் நேரத்தில், அது தமிழ்ச் சொல் அல்ல என்ற சிக்கலால் பெயர் 'மாசு என்கிற மாசிலாமணி' என மாற்றப்பட்டது. கிரந்த எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தைப் போட்டதும், உயர்ந்த பாராட்டு அழுக்கு என்றாகிவிட்டது. 'மாசிலாமணி' என்றால் குற்றமற்ற மணி. அதைச் சுருக்கியதில் 'இலா' போய், குற்றம் மட்டும் மிஞ்சியது. பார்வையாளர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. எழுத்தில் 'மாசு' என்றிருந்தாலும் வாயில் 'மாஸ்' என்றே வந்தது. அடுத்த ஆண்டு 'கெத்து' படத்துக்கும் இதே கேள்வி எழுந்தது. அது தமிழ்ச் சொல்தானா என்ற வழக்கு நீதிமன்றம் வரை சென்றது.

பாராட்டு வசவாவது

புகழ்வது போலப் பழிப்பதையும் பழிப்பது போலப் புகழ்வதையும் தமிழ் அணியிலக்கணம் வஞ்சப்புகழ்ச்சி என்கிறது. திருவள்ளுவர் கயவரைத் தேவரோடு ஒப்பிடுவது அதற்கு அறிந்த எடுத்துக்காட்டு. ஆனால் அங்கே தலைகீழாவது கருத்து மட்டுமே. குறளைப் படித்த பின்னும் 'தேவர்' உயர்ந்த சொல்லாகவே இருக்கிறது. பேச்சுவழக்கில் ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் கிண்டலாகச் சொல்லும்போது, கிண்டல் சொல்லின்மேலேயே உறைந்துவிடுகிறது. அதன்பின் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் கேட்பவர் நம்புவதில்லை.

ஒரு சொல்லில் கிண்டல் உறைந்துவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. அதைப் பாராட்டு விழா அழைப்பிதழில் அச்சடிக்க முடியுமா? 'அறிஞர்' என்று அச்சடிக்கலாம். 'அறிவாளி' என்றால் கொஞ்சம் தயக்கம் வரும். 'மேதாவி' என்றால் விழா நாயகர் வரமாட்டார். 'அதிமேதாவி', 'அறிவுக்கொழுந்து' ஆகியவற்றை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஐந்தும் ஏறக்குறைய ஒரே பொருளில் புறப்பட்ட சொற்கள். அண்ணாதுரை போன்றோரின் பெயருக்கு முன் பட்டமாக நின்றதால் 'அறிஞர்' காக்கப்பட்டது. வீட்டிலும் திண்ணையிலும் அதிகம் புழங்கிய மற்றவை தேய்ந்தன.

இலக்கணமும் காட்டிக்கொடுக்கும். 'பெரிய' என்ற அடையும் 'ஆ' என்ற வினாவும் சேர்ந்தால் எந்தப் பாராட்டும் தலைகீழாகும்: 'நீ பெரிய கில்லாடியா?', 'பெரிய பிஸ்தாவா?' சொல் வரிசை மாறினாலும் அப்படியே. 'கதை நல்லா இருக்கு' என்பது பாராட்டு. 'நல்லா இருக்கு கதை!' என்பது, நான் நம்பவில்லை என்பதற்குச் சமம். 'மேடையில கிழிச்சுட்டான்' என்றால் வெற்றி. 'நீ கிழிச்சே' என்றால் எதுவும் செய்யவில்லை. 'டக்கர்' ஒரு காலத்துச் சென்னைப் பேச்சில் சிறப்பானது என்று பொருள்பட்டது. பின்னால் வந்த 'அப்பாடக்கர்' பெரும்பாலும் 'பெரிய' என்ற அடையோடே நடமாடுவதால், வசவின் பக்கமே நிற்கிறது.

நல்ல குணத்தைக் குறிக்கும் சொற்களுக்கு இன்னொரு ஆபத்து. குற்றமற்றவன், சூது தெரியாதவன் என்பது ஏமாறக்கூடியவன் என்றாகி, அறிவில்லாதவன் என்று முடிகிறது. 'அப்பாவி' பாதி வழியில் நிற்கிறது. காவல்துறை அப்பாவிகளைக் கைது செய்தது என்றால் இரக்கம், 'அவன் ஒரு அப்பாவி' என்றால் இளக்காரம். அம்மானின் சேய், அதாவது மாமன் மகன் என்ற வெறும் உறவுப்பெயரான 'அம்மாஞ்சி' முழு வழியும் போய்விட்டது. சிறுவர் விளையாட்டில் 'காய்' விட்டவர்கள் மீண்டும் சேரும்போது சொல்லும் இனிய சொல் 'பழம்'. அதே சொல் இளைஞர் பேச்சில் குடிக்காத, ஊர் சுற்றாத, பெற்றோர் சொல்லைத் தட்டாத பையனைக் கேலி செய்கிறது.

கடல் கடந்தால்

காலம் மாறினால் மட்டுமின்றி இடம் மாறினாலும் இது நடக்கும். யாழ்ப்பாணத்துத் தமிழில் 'அந்தமாதிரி' என்றால் மிகச் சிறப்பு. 'சாப்பாடு அந்தமாதிரி' என்றால் சமைத்தவர் பூரித்துப் போவார். தமிழ்நாட்டில் 'அந்த மாதிரி' என்பது வெளிப்படையாகச் சொல்லக் கூசும் எதையும் மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல். 'அந்த மாதிரிப் படம்' என்றால் குடும்பத்தோடு பார்க்க முடியாத படம். இரண்டும் ஒரே வழியில் பிறந்தவை. சொல்ல வார்த்தை போதாமல் ஒரு சுட்டை மட்டும் நீட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது அந்த வழி. அங்கே வியப்பு வாயை அடைத்தது, இங்கே வெட்கம் அடைத்தது. யாழ்ப்பாணத்து நண்பர் சென்னைக்கு வந்து ஒரு படத்தை 'அந்தமாதிரிப் படம், கட்டாயம் வீட்டுக்காரரோடு போய்ப் பாருங்கோ' என்று சொன்னால், கேட்பவர் சற்று நேரம் என்ன சொல்வதென்று தெரியாமல் விழிக்க நேரும்.